ஓடிய தூரத்திலிருந்து சக்கரச் சுழற்சி: பிளெண்டர் கார் ரிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சக்கரத்துக்கு ரெண்டு கீஃப்ரேம் போட்டு சுத்த விட்டா போதாதா? எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?

ஒரே ஒரு ஷாட், நேர் ரோடு, கார் கிளம்பி நிற்கிறது, அவ்வளவுதான் என்றால் போதும். காரின் நகர்வுக்கும் சக்கரத்தின் சுழற்சிக்கும் ஒரே ஃப்ரேம்களில் கீ வைத்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி வளைவு கொடுத்தால் வேகம் பொருந்தியே வரும்.

சிக்கல் அடுத்த நாள் வரும். "கார் இன்னும் பத்து ஃப்ரேம் தள்ளி நிக்கட்டும், நடுவுல கொஞ்சம் ஸ்லோ ஆகட்டும்" என்பார் டைரக்டர். நீங்கள் காரின் கீயை நகர்த்துவீர்கள். நான்கு சக்கரங்களின் கீயும் பழைய இடத்திலேயே கிடக்கும். கார் நின்ற பிறகும் சக்கரம் கால் சுற்று சுற்றும், அல்லது சக்கரம் நின்ற பிறகு கார் வழுக்கிக்கொண்டு போகும். காரின் மற்ற குறைகளை மன்னிக்கிற கண், இதை மட்டும் உடனே பிடித்துவிடும். சக்கரத்துக்கென்று தனியாக அனிமேஷனே இல்லாமல், கார் எவ்வளவு தூரம் போனதோ அதிலிருந்து கோணம் தானாக வந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

ஃபார்முலா என்ன? டிகிரியா, ரேடியனா?

```
angle = distance / radius
```

வருகிற விடை ரேடியனில் இருக்கும். வழுக்காமல் உருளும் சக்கரம், ஒரு ரேடியன் திரும்பும்போது தன் ஆரத்தின் அளவு தூரம் முன்னே போகும். அதனால் இதில் பை, 360 எதுவும் தேவையில்லை. பிளெண்டரில் ஒரு மதிப்பை இன்னொன்றிலிருந்து தானாகக் கணக்கிட்டுத் தரும் ஃபார்முலாவுக்கு டிரைவர் என்று பெயர். சுழற்சி டிகிரியில் காட்டப்பட்டாலும் டிரைவருக்குள் நீங்கள் எழுதும் எண் ரேடியன்தான். 57.3 ஆல் பெருக்கி வைத்துவிட்டு, சக்கரம் ஏன் மிக்ஸி மாதிரி சுற்றுகிறது என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

இந்தப் பக்கம் முழுக்க 0.31 மீட்டர் ஆரமுள்ள ஒரு சக்கரத்தை வைத்துப் பேசுவோம். அதன் சுற்றளவு 1.95 மீட்டர். கார் 31 மீட்டர் போனால் சக்கரம் 100 ரேடியன் திரும்ப வேண்டும். அதாவது ஏறக்குறைய 16 சுற்று.

ஆரத்தை எங்கிருந்து எடுப்பது? கண்ணளவில் போட்டால் தெரியவா போகிறது?

தெரியும். 0.31 போட வேண்டிய இடத்தில் 0.33 போட்டால், அதே 31 மீட்டருக்குச் சக்கரம் 94 ரேடியன்தான் திரும்பும். 6 ரேடியன் குறைவு. கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று காணாமல் போகிறது. லாங் ஷாட்டில் தப்பிக்கலாம், ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் கேமரா வைத்த ஷாட்டில் டயர் தரையில் மெல்ல இழுபடுவது தெரியும்.

மாடலில் டயரைத் தேர்ந்தெடுத்து `N` அழுத்தினால் `Dimensions` தெரியும். அதில் Z மதிப்பின் பாதிதான் ஆரம். ரிம்மை அளக்கக் கூடாது, தரையைத் தொடும் டயரை அளக்க வேண்டும். அதற்கு முன் `Ctrl+A` கொடுத்து `Scale` அப்ளை செய்துவிடுங்கள்.

நிஜ வண்டியைப் பார்த்து மாடல் செய்தால் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதே போதும். 185/65 R15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 381 மி.மீ. ரிம், மேலும் கீழும் 120 மி.மீ. டயர், மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ., ஆரம் 0.31 மீட்டர். வண்டியின் எடையில் நிஜ டயர் கொஞ்சம் நசுங்குவதால் உருளும் ஆரம் இதைவிடச் சற்றுக் குறையும். அனிமேஷனில் டயரை நசுக்கிக் காட்டாதவரை அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நேர் ரோட்டுக்கு எப்படி செட் பண்ணுவது?

காரின் மூக்கு -Y பக்கம் பார்த்திருக்கட்டும். பிளெண்டரில் முன்பக்கம் என்றால் அதுதான் வழக்கம். சக்கரத்தின் ஆரிஜின் அச்சின் நடுவில் இருக்க வேண்டும், சுழற்சி அப்ளை ஆகியிருக்க வேண்டும், ரொட்டேஷன் மோடு `XYZ Euler` ஆக இருக்க வேண்டும். சக்கரத்தின் `Rotation X` மேல் ரைட் கிளிக், `Add Driver`. வேரியபிளின் வகை `Transform Channel`, ஆப்ஜெக்ட் காரின் ரூட், சானல் `Y Location`. வேரியபிளுக்கு `y` என்று பெயர் வைத்து இதை எழுதுங்கள்:

```
-y / 0.31
```

மைனஸ் எதற்கென்றால், கார் முன்னே போகும்போது Y குறைகிறது, ஆனால் சக்கரத்தின் மேல்பாகம் முன்பக்கம் சாய X கோணம் கூட வேண்டும். உங்கள் கார் +Y பார்த்திருந்தாலும் மைனஸ் அப்படியே இருக்கும். அங்கே Y கூடும்போது X கோணம் குறைய வேண்டும்.

இவ்வளவு எளிய கணக்கைப் பிளெண்டர் பைதான் இல்லாமலேயே போட்டுவிடும். அதனால் வேறு மெஷினில் ஃபைலைத் திறந்தாலும் ஸ்கிரிப்ட் அனுமதி கேட்டு நிற்காது.

வலது பக்கச் சக்கரம் மட்டும் எதிர்த் திசையில் சுற்றுகிறது. ஏன்?

இடது சக்கரத்தை நகலெடுத்து, Z-இல் 180 டிகிரி திருப்பி வலது பக்கம் வைத்திருப்பீர்கள். அதோடு சேர்ந்து அதன் X அச்சும் திரும்பிவிட்டது. `Ctrl+A` கொடுத்து `Rotation` அப்ளை செய்தால் தீரும். அந்தச் சக்கரத்தின் டிரைவரில் மட்டும் மைனஸை எடுத்துவிட்டும் ஓட்டலாம்தான். ஆறு மாதம் கழித்து ஃபைலைத் திறக்கிற இன்னொருவர் அதைத் தப்பு என்று நினைத்து "சரி" செய்து வைப்பார்.

நேராகப் போகும்வரை அருமையாகச் சுற்றுகிறது. கார் வளைந்ததும் சக்கரம் மெதுவாகி நின்றுவிடுகிறது. என்ன தப்பு?

தப்பு எதுவும் இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் டிரைவர் தருகிறது. அது பார்ப்பது Y என்ற ஒற்றை எண்ணை. கார் இடது பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டால் அதன் நகர்வெல்லாம் X-இல் நடக்கும், Y அசையாது, சக்கரமும் அசையாது. யூ-டர்ன் அடித்தால் இன்னும் மோசம்: Y எதிர்த் திசையில் போவதால், கார் முன்னே போகும்போதே சக்கரம் பின்னே சுற்றும்.

`sqrt(x*x + y*y)` என்று எழுதிப் பார்க்கத் தோன்றும். அது ஓடிய தூரம் அல்ல. தொடங்கிய புள்ளியிலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது. ரவுண்டானாவைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தால் அது பூஜ்யம். நமக்கு வேண்டியது வண்டியின் ஓடோமீட்டர் காட்டும் எண். அதிலும் ரிவர்ஸ் எடுத்தால் குறைகிற மாதிரியான ஓடோமீட்டர்.

கர்வ் மேல் ஓட்டினால்?

பாதை முன்பே தெரிந்திருந்தால் இதுதான் சுலபம். காருக்கு `Follow Path` கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு `Fixed Position`, `Follow Curve` இரண்டையும் டிக் செய்யுங்கள், `Forward Axis` -Y ஆக இருக்கட்டும். இப்போது காரின் இடத்தைத் தீர்மானிப்பது 0 முதல் 1 வரை போகும் ஒரே எண். கர்வின் நீளத்தை பைதான் கன்சோலில் கேட்டு வாங்கலாம்:

```python
bpy.data.curves["Road"].splines[0].calc_length()
```

விடை 84.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் டிரைவரில் வேரியபிள் வகை `Single Property`, காரைத் தேர்ந்தெடுத்து பாத் இடத்தில் `constraints["Follow Path"].offset_factor`. பெயர் `f`. எழுத வேண்டியது:

```
f * 84.6 / 0.31
```

பாதையில் காரைப் பின்னால் இழுத்தால் `f` குறையும், சக்கரமும் பின்னால் சுற்றும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கர்வின் ஒரு புள்ளியை நகர்த்தினாலும் நீளம் மாறும், 84.6 பழசாகிவிடும். அந்த நீளம் கர்வ் ஆப்ஜெக்டின் ஸ்கேலையும் கணக்கில் எடுக்காது, ஆகவே கர்வுக்கும் ஸ்கேல் அப்ளை செய்துவிட வேண்டும்.

டிரைவரிலேயே முந்தைய ஃப்ரேமின் தூரத்தோடு கூட்டிக்கொண்டே போக முடியாதா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் பிளெண்டரின் டிரைவருக்கு நினைவாற்றல் கிடையாது. 120-ஆம் ஃப்ரேமில் அதைக் கேட்டால், அந்த ஃப்ரேமில் கண்ணுக்குத் தெரியும் எண்களை வைத்து மட்டுமே பதில் சொல்லும். 119-இல் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. டிரைவர் தன் பழைய மதிப்பைத் தானே படிக்க முயன்றால் டிபென்டன்சி சைக்கிள் என்ற எச்சரிக்கை வரும்.

ஃப்ரேம் மாறும்போதெல்லாம் ஓடுகிற ஒரு ஸ்கிரிப்டில் கூட்டி வைக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். பிளே பட்டனை அழுத்தி வரிசையாக ஓட்டும்வரை அது சரியாகவே தெரியும். டைம்லைனில் 40-இலிருந்து 200-க்குத் தாவிப் பாருங்கள்: இடைப்பட்ட பாதை முழுவதையும் ஒரே நேர்கோடாக எண்ணிக்கொள்ளும். திரும்ப 40-க்கு வந்தால் முன்பு இருந்த கோணம் வராது. ரெண்டர் ஃபார்மில் ஒவ்வொரு மெஷினும் வெவ்வேறு ஃப்ரேமை நேரடியாகத் திறக்கும்போது சக்கரம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துள்ளும்.

எந்த ஃப்ரேமைத் திறந்தாலும் அதே கோணம் வர வேண்டும் என்றால், ஒரே தடவை முதலிலிருந்து கடைசிவரை நடந்து கூட்டி, விடையைக் கீஃப்ரேமாக எழுதி வைத்துவிடுவதுதான் வழி. இதைத்தான் பேக் செய்வது என்கிறோம்.

அந்த ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்?

முதலில் ரிக்கில் ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஓர் எம்ப்டி. அதை ஹப் என்போம். ஸ்டியரிங்கில் திரும்புவது, சஸ்பென்ஷனில் ஏறி இறங்குவது எல்லாம் ஹப்பின் வேலை. சக்கரம் அதன் சைல்டு, தன் X-இல் உருளுவது தவிர வேறொன்றும் செய்யாது. திசையை ஹப்பிடம்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் சக்கரத்தின் Y அச்சு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

```python
import bpy
hub = bpy.data.objects["hub_FL"]
r = 0.31
sc = bpy.context.scene
prev, s = None, 0.0

for f in range(sc.frame_start, sc.frame_end + 1):
    sc.frame_set(f)
    m = hub.matrix_world
    p = m.translation.copy()
    fwd = -m.col[1].to_3d().normalized()
    if prev is not None:
        s += (p - prev).dot(fwd)
    hub["roll"] = s / r
    hub.keyframe_insert('["roll"]', frame=f)
    prev = p
```

சக்கரத்தின் `Rotation X` டிரைவரில் ஹப்பின் `["roll"]` மட்டும் இருந்தால் போதும். `copy()` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் `prev` பழைய இடத்தைப் பிடித்து வைக்காமல், ஹப் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே போய், தூரம் எப்போதும் பூஜ்யமாக வரும் அபாயம் உண்டு. எழுதிய கீகளை லீனியர் ஆக்கிவிடுங்கள்.

காரின் அனிமேஷனை மாற்றினால் இதை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். டிரைவர் முறையின் சொகுசு இதில் கிடையாது.

இடைவெளியின் நீளத்தை எடுத்தாலே போதுமே, `dot` எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போவதென்றால் அந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

`(p - prev).length` எப்போதும் பாசிட்டிவ். கார் பார்க்கிங்கிலிருந்து 4 மீட்டர் ரிவர்ஸ் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை மட்டும் கூட்டினால், கார் பின்னால் போக, சக்கரம் 13 ரேடியன், அதாவது இரண்டு சுற்று, முன்னால் சுற்றியிருக்கும். இந்த ரிக் எதைத் தவிர்ப்பதற்காக வந்ததோ, அதையே செய்துவிடும். `dot` என்பது, நகர்ந்ததில் எவ்வளவு பங்கு சக்கரம் பார்த்திருக்கும் திசையில் நடந்தது என்று கேட்கிறது. முன்னே போனால் பிளஸ், பின்னே போனால் மைனஸ்.

இன்னும் இரண்டு இடங்களில் அது கைகொடுக்கும். வேகத்தடையில் கார் குதிக்கும்போது ஹப் மேலும் கீழும் போகிறது. நீளத்தைக் கூட்டினால் நின்ற இடத்தில் குதிக்கும் காரின் சக்கரமும் சுற்றும். `dot` போட்டால் செங்குத்து நகர்வு கணக்கில் வராது. டிரிஃப்ட் அடிக்கும் காரின் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்குகிறது. அந்த வழுக்கல் சக்கரத்தை உருட்டக் கூடாது, இங்கே உருட்டாது.

நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண் கொடுத்தால் என்ன?

நேர் ரோட்டில் ஒன்றும் ஆகாது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு: அது வளைவு பெரியதா சின்னதா என்பதைப் பொறுத்ததல்ல. பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தையும், கார் மொத்தம் எவ்வளவு கோணம் திரும்பியது என்பதையும் மட்டுமே பொறுத்தது. அகலம் 1.5 மீட்டர், திருப்பம் 90 டிகிரி என்றால் உள், வெளிச் சக்கரங்களின் வித்தியாசம் 1.5 × 1.57, சுமார் 2.36 மீட்டர். நம் சக்கரத்தின் சுற்றளவே 1.95. ஒரு தெரு முனை திரும்புவதற்குள் வெளிச்சக்கரம் ஒரு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். நிஜ வண்டியில் டிஃபரன்ஷியல் கியர் இருப்பதே இதற்காகத்தான்.

ஒரே எண் கொடுத்தால் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் வழுக்கும். ஸ்கிரிப்டை நான்கு ஹப்புக்கும் தனித்தனியாக ஓட்டினால் ஒவ்வொரு ஹப்பும் தான் போன பாதையைத் தானே அளந்துகொள்ளும். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று அகலமான வட்டத்தில் போவதும் இதிலேயே அடங்கிவிடும்.

கணக்கெல்லாம் சரி, ஆனால் ரெண்டர் பண்ணினால் சக்கரம் பின்னால் சுற்றுகிறது!

ரிம்மில் எத்தனை ஸ்போக்? ஐந்து என்றால், 72 டிகிரிக்கு ஒருமுறை ரிம் அச்சு அசல் அதே மாதிரி தெரியும். 72 டிகிரி திரும்ப நம் சக்கரம் 0.39 மீட்டர் ஓட வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், மணிக்கு 34 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக அந்த 0.39 மீட்டர் போகும். சக்கரம் நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும். 17-க்கும் 34-க்கும் இடைப்பட்ட வேகத்தில் பின்னால் சுற்றுவது போலத் தெரியும். பழைய படங்களில் குதிரை வண்டிச் சக்கரம் பின்னால் போவதும் இதே காரணத்தால்தான்.

உண்மையான பிழையா, இந்தக் கண்கட்டா என்று பிரிக்க, டயரில் ஒரே ஒரு இடத்தில் சிவப்புப் பட்டை பூசுங்கள். தரையில் 1.95 மீட்டருக்கு ஒன்றாகக் கோடு போடுங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும்போது, சக்கரத்தின் நடு ஒவ்வொரு கோட்டுக்கு மேலே வரும் நேரத்தில் சிவப்புப் பட்டை ஒரே நிலையில் இருக்க வேண்டும். இருந்தால் ரிக் சரி. ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினால் ஆரம் தப்பு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குலைந்தால் அந்த ஃப்ரேம்களைப் பேக் செய்த பிறகு அனிமேஷனை மாற்றியிருக்கிறீர்கள்.

கண்கட்டைக் கணக்கால் தீர்க்க முடியாது. மோஷன் பிளரைப் போடுங்கள். ஸ்போக்குகள் கலங்கி, பின்னோக்கிய தோற்றம் அடங்கும். சுழற்சியை வேண்டுமென்றே குறைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. விளம்பரப் படத்தில் அது ஓடும், ஆனால் டயரும் தரையும் ஒன்றாகத் தெரியும் ஷாட்டில் செய்யாதீர்கள்.

கோணம் 5000 டிகிரி என்று போய்க்கொண்டே இருக்கிறது. 360-க்குள் மடக்கி வைக்கட்டுமா?

வேண்டாம். 359-இலிருந்து 10 என்று விழும் ஃப்ரேமில், மோஷன் பிளர் இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று கணக்குப் போடும். பேக் செய்த கீயில் அது 349 டிகிரி பின்னோக்கிய சுழற்சியாகப் பதிவாகும். எண் பெரிதாக இருப்பதால் ஒரு ஷாட்டுக்குள் எந்தக் கெடுதலும் இல்லை.

பர்ன்அவுட், சடன் பிரேக் காட்சிகளில் சக்கரம் தரையோடு பொருந்தவே கூடாதே?

ஆமாம், அங்கே விதியை மீறித்தான் ஆக வேண்டும். ஹப்பில் `["slip"]` என்று இன்னொரு ப்ராப்பர்ட்டி வைத்து டிரைவரை `roll + slip` ஆக்குங்கள். பர்ன்அவுட்டில் கார் நிற்கும்போது `slip`-ஐ மட்டும் ஏற்றுங்கள். பிரேக் பூட்டிக்கொள்ளும் இடத்தில், `roll` எவ்வளவு கூடுகிறதோ அதே அளவு `slip`-ஐ இறக்கினால் சக்கரம் நின்றபடி வழுக்கும். காட்சி முடிந்ததும் `slip`-ஐப் பூஜ்யத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் அந்த நேரத்தில் சக்கரம் தேவையில்லாமல் சுற்றும். எந்த மதிப்பில் நின்றதோ அங்கேயே மட்டமாக விட்டுவிடுங்கள்.

கேம் என்ஜினிலும் இதேதானா?

ஃபார்முலாவும் `dot`-உம் அதேதான். பேக் தேவையில்லை, கேமில் காலம் முன்னோக்கி மட்டுமே ஓடுவதால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கூட்டிக்கொண்டே போகலாம். பிளேயரை வேறு இடத்துக்கு டெலிபோர்ட் செய்யும்போது `prev`-ஐப் புது இடத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தாவலையும் ஓடிய தூரமாக எண்ணிச் சக்கரம் ஒரு ஃப்ரேமில் எகிறும். இங்கே கோணத்தை மடக்கலாம், மணிக்கணக்கில் ஓடும் கேமில் மடக்குவதுதான் நல்லது: 32 பிட் ஃப்ளோட்டில் எண் பெரிதாகப் பெரிதாகச் சின்ன மாற்றங்கள் பதிவாகாமல் போய், மெதுவாகப் போகும் காரின் சக்கரம் விட்டுவிட்டு நகரும்.